ஆடுகளம் எழுதிய இசை: சிகாகோ வேர்ஹவுஸும் பீட் பொருத்திய கைகளும்



இந்த நினைவுச் சொற்பொழிவில் இந்த ஆண்டு ஓர் இசையின் வரலாற்றைப் பேச எடுத்துக்கொண்டோம். இன்று உலகம் முழுவதும் இரவு விடுதிகளிலும் திருமண மேடைகளிலும் விளம்பரங்களிலும் ஒலிக்கும் மின்னணு நடன இசையின் வேர்களில் முக்கியமான ஒன்று ஹவுஸ். அது சிகாகோவில் கறுப்பின மக்களிடம், அவர்களுள்ளும் தன்பாலீர்ப்பு கொண்டவர்களிடம் பிறந்தது. இனமும் சாதியும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாக்கிப் பேச நாம் இங்கே வரவில்லை. ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட ஓர் இடம் எப்படி ஒரு கலையின் வடிவத்தையே தீர்மானித்தது என்பதை, அந்த ஊரிலும் அந்தக் காலத்திலும் வைத்தே பார்க்கப்போகிறோம்.

மைதானத்தில் ஒரு தீ

1979 ஜூலை 12. சிகாகோவின் காமிஸ்கி பார்க் மைதானத்தில் அன்று இரண்டு பேஸ்பால் ஆட்டங்கள். ஒரு டிஸ்கோ இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தால் 98 சென்டுக்கு உள்ளே போகலாம் என்று அறிவித்திருந்தார்கள். இதை முன்நின்று நடத்தியவர் ஸ்டீவ் டால் என்ற வெள்ளையின வானொலித் தொகுப்பாளர். அவர் முன்பு வேலை செய்த வானொலி, டிஸ்கோவுக்கு மாறியபோது அவரை வேலையிலிருந்து நீக்கியிருந்தது. அன்று சுமார் 50 ஆயிரம் பேர் கூடினார்கள். முதல் ஆட்டம் முடிந்ததும் ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகளை நடுமைதானத்தில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஆயிரக்கணக்கானோர் புல்தரைக்குள் இறங்கி ஓடினார்கள். காவல்துறை வந்து அவர்களை அகற்றியது. இரண்டாம் ஆட்டம் நடக்கவேயில்லை.

அந்த மைதானத்தில் பார்வையாளர்களுக்கு இருக்கை காட்டும் வேலையில் வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பினச் சிறுவன் இருந்தான். ஒரு சிந்தசைசர் வாங்குவதற்காகக் காசு சேர்த்துக்கொண்டிருந்தான். மக்கள் கொண்டுவந்த தட்டுகளில் பல டிஸ்கோவே இல்லை என்பதைக் கவனித்ததாக அவர் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். கர்டிஸ் மேஃபீல்ட், ஓடிஸ் க்ளே போன்ற கறுப்பினப் பாடகர்களின் தட்டுகளும் அவற்றில் இருந்தன. டிஸ்கோவா இல்லையா என்று எவரும் பார்க்கவில்லை. பாடியவர் கறுப்பர் என்பதே எரிப்பதற்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. தனக்கு நிறவெறி நோக்கம் இருக்கவில்லை என்று ஸ்டீவ் டால் தொடர்ந்து மறுத்துவந்தார். ஆனால் குவியலில் என்ன கிடந்தது என்பதை, அதன் அருகில் நின்ற வேலைக்காரச் சிறுவன் பார்த்திருக்கிறான்.

இந்தச் சிறுவனை நினைவில் வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுகள் கழித்து அவர் இந்தக் கதைக்குள் திரும்பி வருவார்.

ஆட்டம் நிற்கக்கூடாது

டிஸ்கோ என்றால் பளபளக்கும் உடையும் கண்ணாடிப் பந்தும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அது திரைப்படம் கொடுத்த உருவம். அதற்கு முன்பே 1970களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் கறுப்பின, லத்தீன், தன்பாலீர்ப்பு மக்கள் இரவு முழுக்க ஆடும் கூடங்கள் இருந்தன. வெளியே போலீஸ் தொல்லையும் அவமானமும் இருந்தன. உள்ளே வந்தவர்களுக்கு ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும்வரை நின்று காத்திருப்பதில் விருப்பமில்லை. அந்த இடைவெளியில் ஆடுபவரின் உடல் தளர்ந்துவிடும். கூட்டம் கலைந்து மதுக் கூடத்தின் பக்கம் நகர்ந்துவிடும். ஆகவே இசை அறுபடாமல் ஓட வேண்டும். இது ஆடுகளம் வைத்த கோரிக்கை. அந்தக் கோரிக்கையை நிறைவேற்றும் பொறுப்பு, இசைத்தட்டு போடுபவரின் கையில் வந்து விழுந்தது.

பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் நடந்த சாங்க்சுவரி என்ற விடுதியில் பிரான்சிஸ் கிராசோ இதற்கு வழி கண்டார். இரண்டு டர்ன்டேபிள்கள், இரண்டுக்கும் நடுவில் ஒரு மிக்ஸர், காதில் ஒரு ஹெட்போன். ஒரு தட்டு கூட்டத்துக்கு ஒலிக்கும்போது, அடுத்ததை அவர் மட்டும் ஹெட்போனில் கேட்பார். டர்ன்டேபிளின் உலோகத் தளத்துக்கும் இசைத்தட்டுக்கும் நடுவில் வழுக்கும் துணி ஒன்று இருக்கும். அடியில் தளம் சுழன்றுகொண்டே இருக்க, தட்டை விரலால் பிடித்து நிறுத்தி, சரியான நொடியில் விடுவார். இப்படி ஒரு பாட்டின் மேல் இன்னொரு பாட்டைத் தாளம் பிசகாமல் ஏற்றுவதைத்தான் பீட் மேட்சிங் என்கிறார்கள். நாம் இதை பீட் பொருத்துதல் என்போம்.

பீட் பொருத்துவது எப்படி

இந்தக் கைவேலையைப் புரிந்துகொள்ளாமல் இந்த இசை ஏன் இப்படி இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள முடியாது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

கூட்டத்துக்கு ஒலித்துக்கொண்டிருக்கும் பாட்டில் நிமிடத்துக்கு 120 பீட்கள். அதாவது அரை நொடிக்கு ஒரு பீட். அடுத்து வரப்போகும் பாட்டு நிமிடத்துக்கு 124 பீட்கள். இரண்டாவது தட்டின் சுழற்சி வேகத்தை ஏறக்குறைய 3.2 சதவீதம் குறைத்தால் அதுவும் 120க்கு வந்துவிடும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள டர்ன்டேபிள் இதற்குத் தேவை. 1979இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 எம்.கே. 2 என்ற கருவியில், ஒரு நீண்ட குமிழை மேலும் கீழும் நகர்த்தி 8 சதவீதம்வரை கூட்டலாம், 8 சதவீதம்வரை குறைக்கலாம். டிஜேக்களின் வழக்கமான கருவியாகவே அது ஆகிப்போனது.

ஆனால் குமிழ் கணக்கைச் சொல்லாது. காதுதான் சொல்ல வேண்டும். 120இல் நிறுத்துவதாக நினைத்து 120.5இல் நிறுத்திவிட்டதாக வைத்துக்கொள்வோம். தொடங்கும்போது இரண்டு பாட்டும் ஒன்றாகவே தெரியும். ஆறு நொடி கழித்து இரண்டுக்கும் நடுவே 25 மில்லிநொடி விலகல் வந்துவிடும். அதுவரை ஒரே அடியாகக் கேட்ட டிரம், இப்போது இரண்டு அடி ஒட்டிவந்ததுபோல் ‘தடக்’ என்று கேட்கத் தொடங்கும். ஒரு நிமிடம் முடியும்போது இரண்டாவது பாட்டு முழுதாக அரை பீட் முன்னே போயிருக்கும். ஒன்றின் அடி மற்றதன் இடைவெளியில் விழும். ஆடுபவர்களின் கால்கள் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றுவிடும். ஆகவே டிஜே அந்த முதல் ‘தடக்’கிலேயே பிசகைக் கண்டுபிடித்து, முந்தும் தட்டின் ஓரத்தை விரலால் லேசாகத் தடவி நிதானப்படுத்துவார். பிந்தும் தட்டாக இருந்தால் மெல்லத் தள்ளிவிடுவார். பிறகு குமிழைத் துளி நகர்த்துவார்.

வேகம் பொருந்தினால் மட்டும் போதாது. நான்கு பீட்கள் சேர்ந்தது ஒரு தாளச் சுற்று. பெரும்பாலான நடனப் பாட்டுகளில் இரண்டாவது, நான்காவது பீட்களில் கைதட்டல் போன்ற ஓசை வரும். ஒரு பாட்டை ஒரு பீட் தள்ளித் தொடங்கிவிட்டால், அதன் கைதட்டல் மற்றதன் ஒன்று, மூன்றாம் பீட்களில் விழும். அப்போது எல்லா பீட்களிலும் கைதட்டல் கேட்கும். பிசகு நடந்திருப்பதற்கு அதுவே அடையாளம். இதற்கும் மேலே, பாட்டுகள் எட்டுச் சுற்றுக்கு ஒருமுறை, அதாவது 32 பீட்களுக்கு ஒருமுறை ஏதாவது ஒன்றைச் சேர்க்கும் அல்லது எடுக்கும். உள்ளே வரும் பாட்டின் 32ம் வெளியேறும் பாட்டின் 32ம் ஒன்றாகத் தொடங்கினால், மாற்றம் வந்ததே தெரியாமல் கூட்டம் அடுத்த பாட்டுக்குள் போய்விடும்.

பாட்டு ஒத்துழைக்க மறுத்தபோது

டிஜேயின் கைக்கு அன்றைய பாட்டுகள் மூன்று விதத்தில் தடையாக இருந்தன. இந்த மூன்று தடைகளையும் ஆடுகளம் ஒவ்வொன்றாகத் தகர்த்த கதைதான் மின்னணு நடன இசையின் கதை.

முதல் தடை, நீளம். வானொலிக்காக அச்சிட்ட 7 அங்குலத் தட்டில் பாட்டு மூன்று, நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். ஒன்றைப் பொருத்தி முடிப்பதற்குள் அடுத்ததைத் தேட வேண்டும். சிறிய தட்டில் நீண்ட பாட்டை அடைத்தால் வரித்தடங்கள் நெருங்கிவிடும். ஆழமான பேஸ் ஒலிக்குத் தடம் அகலமாக அசைய இடம் வேண்டும். இடமில்லாதபோது ஒலியின் அளவைக் குறைத்தே பதிய முடியும். இதற்கு விடையாக வந்தது 12 அங்குலத் தட்டு. 1976இல் சால்சோல் நிறுவனம் டபிள் எக்ஸ்போஷர் குழுவின் ‘டென் பெர்சென்ட்’ பாட்டை அந்த அளவில் கடைகளுக்கு விற்பனைக்கு அனுப்பியது. அதை மறுஅமைப்பு செய்தவர் வால்டர் கிப்பன்ஸ் என்ற விடுதி டிஜே. சில நிமிடப் பாட்டை அவர் ஒன்பது நிமிடத்துக்கும் மேலாக நீட்டினார். பாடகரின் குரலை எடுத்துவிட்டு, தாளம் மட்டும் ஓடும் பகுதிகளை விரித்தார். ஆடுகளத்தில் எது வேலை செய்கிறது என்பதைத் தினமும் பார்த்த ஒருவர் முதல்முறையாகப் பாட்டின் உடலையே திருத்தினார்.

இரண்டாவது தடை, தாளத்தின் அமைப்பு. பேஸ் டிரம் விட்டுவிட்டு விழும் பாட்டுகளைப் பொருத்துவது கடினம். எந்த அடியை எதோடு இணைப்பது என்பதே குழப்பம். பிலடெல்பியாவின் எர்ல் யங் என்ற கறுப்பின டிரம் கலைஞர், 1973இல் வந்த ‘தி லவ் ஐ லாஸ்ட்’ போன்ற பாட்டுகளில் நான்கு பீட்களிலும் பேஸ் டிரம்மை அடித்து, நடுவில் ஹை-ஹாட்டைத் திறந்து மூடும் முறையை நிலைநாட்டினார். சுவரில் சீராக அடித்த ஆணிகள்போல அந்த நான்கு அடிகள் நின்றன. இன்னொரு பாட்டை அவற்றில் மாட்டிவிடலாம்.

மூன்றாவது தடை, மனிதக் கை. எர்ல் யங் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் மனிதர்தான். உச்சம் நெருங்கும்போது வேகம் சற்றே கூடும். அமைதியான இடத்தில் சற்றே தளரும். பாட்டைக் கேட்பவருக்கு அது உயிர். இரண்டு தட்டுகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் டிஜேக்கோ ஓயாத வேலை. விரல் தட்டைவிட்டு விலகவே முடியாது. அதனால் இரண்டு பாட்டுகள் சேர்ந்து ஒலிக்கும் நேரம் சில நொடிகளாகவே இருந்தது. இந்தத் தடை உடைந்த இடம் சிகாகோ.

206, சவுத் ஜெஃபர்சன் தெரு

சிகாகோவில் தன்பாலீர்ப்பு மக்களுக்கான மது விடுதிகள் இருந்தன. ஆனால் அங்கும் கறுப்பருக்கு வாசல் திறக்கவில்லை. வெள்ளையர் கேள்வியின்றி உள்ளே போவார். கறுப்பரிடம் இரண்டு, மூன்று அடையாள அட்டைகளைக் கேட்டு வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். சட்டப் புத்தகத்தில் இல்லாத இந்த விலக்கு வாசற்படியில் இருந்தது. கறுப்பினச் சமூகத்துக்குள்ளோ தன்பாலீர்ப்பை வெளிப்படையாகப் பேச முடியாது. இரண்டு பக்கமும் இடமற்றவர்களுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது.

ராபர்ட் வில்லியம்ஸ் என்ற கறுப்பினத்தவர் நியூயார்க்கில் பார்த்த ஆடுகளங்களைச் சிகாகோவில் உருவாக்க நினைத்தார். 206, சவுத் ஜெஃபர்சன் தெருவிலிருந்த மூன்று மாடிக் கட்டடத்தில் இடம் பிடித்தார். டிஜேயாக முதலில் நியூயார்க்கின் லாரி லெவானை அழைத்தார். அவர் வர மறுக்கவே, லெவானின் நண்பர் பிராங்கி நக்கிள்ஸ் 1977இல் வந்தார். அப்போது அவருக்கு வயது 22. பழைய தொழிற்கூடக் கட்டடம் என்பதால் வந்தவர்கள் அந்த இடத்தை ‘வேர்ஹவுஸ்’, அதாவது கிடங்கு, என்று அழைத்தார்கள். சனிக்கிழமை இரவு தொடங்கும் ஆட்டம் ஞாயிறு பகல்வரை போகும். அங்கே மது விற்கவில்லை. பழச்சாறுதான். வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். நகரத்தின் இசைக் கடை ஒன்று ‘வேர்ஹவுஸில் கேட்டவை’ என்று எழுதித் தட்டுகளைத் தனியாக அடுக்கத் தொடங்கியது. அந்தப் பெயர் சுருங்கி ‘ஹவுஸ்’ ஆனது. இந்த இசைக்குப் பெயர் வைத்தது ஒரு கலைஞரோ விமர்சகரோ அல்ல. ஓர் ஆடுகளத்தின் முகவரியே பெயராகிவிட்டது.

1979இன் தீக்குப் பிறகு பெரிய இசை நிறுவனங்கள் டிஸ்கோ வெளியீடுகளைக் குறைத்துக்கொண்டன. வெள்ளையர்களின் வானொலிக்கு டிஸ்கோ ஒரு கேலிப்பொருள் ஆகிவிட்டது. ஆனால் ஜெஃபர்சன் தெருவில் சனிக்கிழமைகள் வந்துகொண்டே இருந்தன. ஆடுபவர்கள் வந்தார்கள், புதுத் தட்டுகள் வரவில்லை. நக்கிள்ஸ் தன்னிடமிருந்த பழைய பாட்டுகளையே புதிதாக்க வேண்டியதாயிற்று.

அதற்கு அவர் கையாண்ட கருவி ஒலிநாடாவும் சவரத் தகடும். ஒலிநாடா நொடிக்கு 15 அங்குலம் ஓடுவதாகக் கொள்வோம். 120 வேகத்தில் ஒரு பீட் என்பது ஏழரை அங்குல நாடா. நான்கு பீட் கொண்ட ஒரு சுற்று 30 அங்குலம். பாட்டில் ஆடுபவர்கள் கத்தி ஆர்ப்பரிக்கும் இடம் நான்கு சுற்றுகள் மட்டும் வருகிறது, எட்டே நொடி. அதை ஒரு நிமிடமாக்க வேண்டுமானால் அந்தப் பகுதியை எட்டு முறை பதிவுசெய்து, ஒவ்வொன்றையும் பேஸ் டிரம் விழும் புள்ளியில் வெட்டி, ஒட்டுநாடாவால் இணைக்க வேண்டும். ஏறக்குறைய 24 மீட்டர் நாடா. வெட்டு அரை அங்குலம் தவறினால் 33 மில்லிநொடி பிசகும். அடி தடுக்குவது காதுக்குத் தெரிந்துவிடும்.

பிறகு அவர் இன்னொன்றையும் சேர்த்தார். டிரம் மெஷினை மிக்ஸரில் இணைத்து, இசைத்தட்டின் பழைய டிரம் ஓசைக்குக் கீழே புதிய, கனமான பேஸ் டிரம்மை ஓடவிட்டார். ரோலண்ட் நிறுவனம் 1983இல் வெளியிட்ட டி.ஆர். 909 என்ற கருவியை, டெட்ராய்ட்டிலிருந்து வந்த டெரிக் மே என்ற இளைஞரிடமிருந்து வாங்கினார். அதே டெரிக் மே பிற்காலத்தில் டெட்ராய்ட் டெக்னோ இசையை உருவாக்கியவர்களில் ஒருவர்.

மூன்றாவது தடை இங்கேதான் உடைந்தது. இயந்திரம் 120 என்றால் இரவு முழுக்க 120. அவசரப்படாது, களைக்காது. இப்படிப்பட்ட இரண்டு பாட்டுகளை ஒருமுறை சரியாகப் பொருத்திவிட்டால், நிமிடக்கணக்கில் சேர்ந்தே ஓடவிடலாம். டிஜேயின் கை தட்டிலிருந்து விடுபட்டு, ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் பேஸை எடுக்கவும் சேர்க்கவும் போனது. இரண்டு பாட்டுகளைச் சேர்த்து, இரண்டிலுமே இல்லாத மூன்றாவது ஒன்றை ஆடுகளத்தில் அந்த நேரத்திலேயே உருவாக்க முடிந்தது.

இருக்கை காட்டிய சிறுவன் திரும்பி வருகிறார்

சிகாகோவின் இன்னொரு டிஜே ஜெஸ்ஸி சாண்டர்ஸ். அவருக்கென்று அடையாளமாக ஒரு தட்டு இருந்தது. பல பாட்டுகளின் துண்டுகளை ஒட்டி யாரோ அனுமதியின்றி அச்சிட்ட தட்டு அது. ஒருநாள் அவருடைய தட்டுகளோடு அதுவும் திருடுபோனது. திரும்ப வாங்கக் கிடைக்காததால் அதைப்போல ஒன்றைத் தானே செய்துவிடத் தீர்மானித்தார். அவரோடு சேர்ந்து அதை எழுதியவர் வின்ஸ் லாரன்ஸ். காமிஸ்கி பார்க்கில் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்ற அதே சிறுவன்.

1984இல் வெளிவந்த அந்த ‘ஆன் அண்ட் ஆன்’ தட்டைத்தான் முதல் ஹவுஸ் தட்டு என்று பலரும் குறிப்பிடுகிறார்கள். டிரம் மெஷினும் சில சிந்தசைசர்களும்தான் அதிலுள்ள கருவிகள். ஸ்டுடியோவில் வளர்ந்த பாடலாசிரியர்களின் படைப்பு அல்ல இது. தட்டு போடும் ஒருவர், தட்டு போடுவதற்குத் தேவையானதைத் தானே செய்துகொண்டது. நகரத்து இளைஞர்கள் அதைக் கேட்டு, இதை நாமும் செய்யலாம் என்று இறங்கினார்கள். அஞ்சல் அலுவலகத்தில் இரவுப் பணி செய்த மார்ஷல் ஜெபர்சன் அப்படி வந்தவர்தான். 1986இல் அவருடைய ‘மூவ் யுவர் பாடி’ ஹவுஸுக்குள் பியானோவைக் கொண்டுவந்தது.

இந்தத் தட்டுகளின் வடிவத்தைக் கவனிப்போம். தொடக்கத்தில் 16 அல்லது 32 சுற்றுகள் டிரம் மட்டும் ஓடும். 120 வேகத்தில் 32 சுற்று என்பது 64 நொடி. பாட்டு கேட்க உட்கார்ந்தவருக்கு இது பொறுமையைச் சோதிக்கும் வெறுமை. ஏன் அங்கே ராகம் இல்லை? இரண்டு பாட்டுகள் சேர்ந்து ஒலிக்கும்போது, இரண்டிலும் ராகமிருந்தால் சுருதி மோதும். இரண்டிலும் குரலிருந்தால் சந்தையாகிவிடும். இரண்டு பேஸ் சேர்ந்தால் எல்லாம் குழம்பிக் கலங்கும். ஆகவே முதல் பாட்டு பாடி முடிக்கும்வரை இரண்டாவது பாட்டு தாளத்தை மட்டும் கொடுத்துக் காத்திருக்கிறது. கடைசியிலும் அதேபோல எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, தாளத்தை மட்டும் அடுத்த பாட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது. டிஜேயின் கையை எதிர்பார்த்தே இந்த இசையை எழுதினார்கள்.

ஆடுகளத்தின் தீர்ப்பு

நக்கிள்ஸ் வேர்ஹவுஸைவிட்டு வெளியேறியபின் ராபர்ட் வில்லியம்ஸ் ‘மியூசிக் பாக்ஸ்’ என்ற விடுதியை நடத்தினார். அங்கே ரான் ஹார்டி டிஜே. அவர் தட்டுகளை வேகமாகச் சுழலவிடுவார், பழக்கமில்லாத ஒலிகளைத் துணிந்து போடுவார்.

டிஜே பியர், ஸ்பாங்கி, ஹெர்ப் ஜே ஆகிய மூவர் ‘ஃபியூச்சர்’ என்ற பெயரில் இயங்கினார்கள். ரோலண்டின் டி.பி. 303 என்ற சிறிய கருவி அவர்களிடம் இருந்தது. பேஸ் கிட்டார் வாசிப்பவர் இல்லாதபோது அதன் இடத்தை நிரப்புவதற்காகச் செய்த கருவி அது. பேஸ் கிட்டார்போல அது ஒலிக்கவில்லை, அதனால் விற்கவும் இல்லை. 1984இல் தயாரிப்பே நின்றுவிட்டது. பழைய பொருளாக மலிவாகக் கிடைத்தது. பியர் அதன் குமிழ்களை, ஓடும்போதே திருப்பினார். ஒரே சொற்ப சுரங்கள் நெளிந்து, கூர்மையாகி, அலறி, மீண்டும் அடங்கின. அதை ஒலிநாடாவில் பதிந்து ஹார்டியிடம் கொடுத்தார்கள்.

ஹார்டி முதல்முறை போட்டபோது ஆடுகளம் காலியானது. அதே இரவில் மீண்டும் போட்டார். மீண்டும் போட்டார். நான்காம் முறை கூட்டம் வெறிகொண்டு ஆடியது என்று அங்கிருந்தவர்கள் சொல்கிறார்கள். நகரத்தில் அந்த நாடா ‘ரான் ஹார்டியின் ஆசிட் டிராக்’ என்று பெயர்பெற்றுக் கைமாறியது. 1987இல் ‘ஆசிட் டிராக்ஸ்’ என்றே தட்டாக வந்தது. ஆசிட் ஹவுஸ் என்ற வகை அங்கிருந்து தொடங்கியது. பத்திரிகை விமர்சனத்துக்கோ விற்பனைக் கணக்கோ வருவதற்குமுன், ஆடுபவர்களின் கால்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டன.

இதே முறைக்கு ஓர் எல்லையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 120 வேகப் பாட்டை 8 சதவீதம் கூட்டினாலும் 130ஐத் தொடாது. குறைத்தால் 110 வரைதான். அதற்குள்ளும் 3, 4 சதவீதத்தைத் தாண்டினால் பாடகரின் குரல் மாறி, பொம்மைக் குரலாகவோ தூக்கக் குரலாகவோ கேட்கும். ஆகவே டிஜேக்குத் தட்டு விற்க நினைத்தவர்கள் அவர் ஏற்கெனவே ஓட்டும் வேகத்துக்குள் நின்றே பாட்டு செய்தார்கள். ஹவுஸ் 120ஐச் சுற்றித் திரண்டது; வேகத்தை வைத்தே அடுத்தடுத்த வகைகள் பிரிந்தன. மூன்று பீட் தாளமோ, வேகம் மாறும் பாட்டோ அந்தக் களத்துக்குள் நுழைவது கடினமாயிற்று. இடமற்றவர்கள் அமைத்த களமும் தன் வாசலில் ஒரு விதியை வைத்துக்கொண்டது.

பெயரும் கூலியும்

1987 ஜனவரியில் சிகாகோவின் ஸ்டீவ் ‘சில்க்’ ஹர்லி செய்த ‘ஜாக் யுவர் பாடி’ பிரிட்டனில் விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்குப் போனது. ஐரோப்பா முழுக்க இந்த இசை பரவியது. ஆனால் பிறந்த ஊரில் செய்தவர்களுக்குச் சேர வேண்டியது முழுதாகச் சேரவில்லை. ‘ஆன் அண்ட் ஆன்’ தட்டை அச்சிட்டுக் கொடுத்த ஆலையின் உரிமையாளர் லாரி ஷெர்மன் ‘டிராக்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். ‘மூவ் யுவர் பாடி’, ‘ஆசிட் டிராக்ஸ்’ முதலியவை அங்கிருந்துதான் வந்தன. பழைய தட்டுகளை உருக்கிய பிளாஸ்டிக்கில் அச்சிட்டதால் பல தட்டுகளில் இரைச்சல் கேட்கும். அதைவிட, உரிய பணம் வரவில்லை என்ற குற்றச்சாட்டு பல கலைஞர்களிடம் பல்லாண்டுகளாக இருந்தது. லாரி ஹெர்ட், ராபர்ட் ஓவன்ஸ் ஆகியோர் 2020இல் நீதிமன்றம் போனார்கள். 2022இல் சமரசம் ஏற்பட்டு அவர்களுடைய பதிவுகளின் உரிமை அவர்களிடம் திரும்பியது. பாட்டு வந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது.

எல்லோருக்கும் அவ்வளவு காலம் கிடைக்கவில்லை. ரான் ஹார்டியும் லாரி லெவானும் 1992இல் இறந்தார்கள். வால்டர் கிப்பன்ஸ் 1994இல் எய்ட்ஸ் சார்ந்த நோயால் இறந்தார். அந்த ஆடுகளங்களில் ஆடிய பலரையும் அதே நோய் கொண்டுபோனது. பிராங்கி நக்கிள்ஸ் ஓரளவு அங்கீகாரத்தைக் கண்ணால் பார்த்தார். 1998இல் ரீமிக்ஸுக்கான கிராமி விருது அவருக்குக் கிடைத்தது. 2004இல் ஜெஃபர்சன் தெருவின் ஒரு பகுதிக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2014 மார்ச் 31இல் அவர் காலமானார். 2023இல் சிகாகோ நகரம் வேர்ஹவுஸ் கட்டடத்தைப் பாதுகாக்கப்பட வேண்டிய சின்னமாக அறிவித்தது. இடித்துவிடுவார்களோ என்று அஞ்சியவர்கள் கையெழுத்து திரட்டிப் போராடிய பிறகே அது நடந்தது.

இங்குள்ள மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றிரவு ஏதாவது ஒரு ஹவுஸ் பாட்டின் நீண்ட வடிவத்தைக் கேளுங்கள். முதல் ஒரு நிமிடம் டிரம் மட்டும் ஓடும்போது தள்ளிவிடாமல், 32 வரை எண்ணுங்கள். எண்ணி முடிக்கும்போது ஏதோ ஒன்று மாறும். அந்த ஒரு நிமிடத்தில், முந்தைய பாட்டை இன்னும் ஆடி முடிக்காத ஒருவருக்காக இந்தப் பாட்டு காத்திருக்கிறது. வாசலில் அட்டை கேட்டுத் திருப்பியனுப்பப்பட்டவர்கள் ஞாயிறு பகல்வரை நிற்காமல் ஆட வேண்டும் என்பதற்காக அமைந்த வடிவம் அது. இந்த இசையின் வரலாற்றை எழுதும்போது 206, சவுத் ஜெஃபர்சன் தெருவிலிருந்து தொடங்குங்கள்.